முதலில் உன் பதினொரு வருஷம், அப்புறம் ராஜராஜன்: ஆறாம் வகுப்பில் ஒரு காலக்கயிறு

ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் ‘வரலாறு என்றால் என்ன?’ என்று தொடங்கி, மனிதப் பரிணாமத்தை ஒரு பாடத்தில் முடித்துவிட்டு நேராகச் சிந்துவெளிக்குப் போய்விடும். பொ.ஆ.மு. 2600, பொ.ஆ. 1010, 1947 எல்லாமே பிள்ளைகளுக்கு ‘அந்தக் காலம்’தான். அந்தக் காலத்துக்குள்ளேயே எது கிட்டத்தில், எது தூரத்தில் என்று கேட்டால் முழிப்பார்கள். அதற்காகத்தான் இந்தக் கயிறு: வருஷங்களை அளந்து குறித்து, நடந்ததை அட்டையில் எழுதி அந்தந்த இடத்தில் கிளிப் போட்டு மாட்டுவது. எங்கள் பள்ளி ஒரத்தநாடு பக்கம். வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். 2025-26 கல்வியாண்டின் முதல் பருவத்தில் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைகள் சொந்த வாழ்க்கையைக் கயிற்றில் மாட்டுவது பல பள்ளிகளில் நடப்பதுதான். பெரும்பாலும் பிறந்தநாள், முதல் பல் விழுந்த நாள், காதுகுத்து என்று அட்டை தொங்கவிடுவார்கள். போட்டோ எடுப்பார்கள். மறுநாள் அதைக் கழற்றிவிட்டு அசோகரையும் அக்பரையும் மாட்டுவார்கள். அப்படிச் செய்தால் முதல் நாள் கயிறு வெறும் தோரணம்தான். பிள்ளை தன் கயிற்றில் பழகியதை அடுத்த கயிற்றில் பயன்படுத்த வேண்டி வந்தால்தான் இந்த வேலைக்குப் பலன் உண்டு. அளவு, வெற்றிடம், யார் சொல்லித் தெரியும் என்ற கேள்வி, ‘எனக்கு முன்னாடி’ என்று பின்னோக்கி எண்ணுவது, இவையெல்லாம் அதில் சேரும். அதனால் முதல் கயிற்றைக் கட்டும்போதே இரண்டாவதை மனதில் வைத்துத்தான் கட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் அளவு. ஒரு வருஷத்துக்கு 60 செ.மீ. என்று வைத்தேன். மாதத்துக்குச் சரியாக 5 செ.மீ. வரும். 50 செ.மீ. என்று வைத்தால் மாதக் கணக்கு பின்னத்தில் போய் மாட்டிக்கொள்ளும். கயிற்றை 2010 ஜனவரியில் தொடங்கி 2025 டிசம்பரில் முடித்தேன். பதினாறு வருஷம், 9.6 மீட்டர். இரண்டு பக்கமும் கட்டுவதற்குச் சேர்த்து 12 மீட்டர் வாங்கினால் போதும். இந்தப் பிள்ளைகள் 2014, 2015-இல் பிறந்தவர்கள். பிறகு ஏன் 2010-இல் தொடங்க வேண்டும்? தாங்கள் இல்லாத வருஷங்களும் கயிற்றில் இருக்க வேண்டும் என்பதற்காக. அது ஏன் தேவை என்று பின்னால் வரும்.

கயிறு பருத்தியாக இருக்கட்டும். விரல் மொத்தம் வேண்டாம், பென்சில் மொத்தம் போதும். நைலான் கொடிக்கயிற்றில் கிளிப் வழுக்கும், பத்துப் பிள்ளைகள் பிடித்து இழுத்தால் நீளவும் செய்யும். தேங்காய்நார்க் கயிறு கையைக் குத்தும். வருஷத்துக்கு ஒரு முடிச்சு போடலாம் என்று தோன்றும், ஆனால் ஒவ்வொரு முடிச்சும் சில செ.மீ. கயிற்றைத் தின்றுவிடும். கடைசி முடிச்சுக்கு வரும்போது ஒரு வருஷத்துக்கு மேல் காணாமல் போயிருக்கும். முடிச்சுக்குப் பதில் அந்தந்த இடத்தில் கலர் உல்லனை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, ஒரு சொட்டுப் பசை வைத்தால் நகராது. கயிற்றை வராண்டாத் தூண்களில் இறுக்கிக் கட்டிய நிலையிலேயே அளக்க வேண்டும். 60 செ.மீ. குச்சியைத் திரும்பத் திரும்ப வைத்து அளந்தால் சின்னப் பிசகுகள் சேர்ந்து பெரிதாகிவிடும். கொத்தனார் வைத்திருக்கும் 5 மீட்டர் டேப்பை நீட்டி 60, 120, 180 என்று குறித்துக்கொண்டே போவது நல்லது.

அட்டைகளுக்கு மூன்று விதி. உனக்கே ஞாபகம் இருந்தால் வெள்ளை அட்டை. வீட்டில் சொல்லித் தெரிந்ததென்றால் மஞ்சள் அட்டை. சான்றிதழ், போட்டோ, தடுப்பூசி அட்டை என்று ஏதாவது பார்த்து எழுதியிருந்தால் மூலையில் ஒரு நீலப் பொட்டு. ஆளுக்கு நாலு அட்டை, அதில் ஒன்று கட்டாயம் தான் பிறப்பதற்கு முன் நடந்ததாக இருக்க வேண்டும். இதை முதல் நாளே சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். வகுப்பில் உட்கார வைத்து எழுதச் சொன்னால் எல்லா அட்டையிலும் ‘பிறந்தநாள்’தான் வரும்.

மறுநாள் கயிற்றைத் தூணிலிருந்து அவிழ்த்துப் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். பதினேழு உல்லன் குறிக்குப் பதினேழு பேர், ஒவ்வொருவரும் ஒரு ஜனவரி மாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மீதிப் பேர் அட்டை மாட்டினார்கள், பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். கையில் பிடிப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. 2018-ஐப் பிடித்திருக்கும் பையனிடம் நாலைந்து பேர் வந்து முட்டுவார்கள், 2011 பக்கம் நிற்பவள் சும்மா நிற்பாள். எந்த வருஷத்தில் கூட்டம், எதில் இல்லை என்று அவர்களுக்கே உறைக்கும்.

தேதி கண்டுபிடிப்பதுதான் முதல் சிக்கல். ‘ரெண்டாவது படிக்கிறப்ப கை ஒடிஞ்சுச்சு’ என்பான், வருஷம் தெரியாது. இரண்டாம் வகுப்பு என்றால் 2021 ஜூன் முதல் 2022 மே வரை, இரண்டு வருஷத்தின் மீது படுத்திருக்கிறது. மழைக்காலமா, பொங்கலுக்கு முன்னா பின்னா என்று கேட்டுக் கேட்டுத்தான் இடத்தைப் பிடிக்க முடிந்தது. அதனால் எல்லாருக்கும் பொதுவான இரண்டு ஆணிகளை நானே முதலில் அடித்து வைத்தேன். ஒன்று, கஜா புயல் கரை கடந்த 2018 நவம்பர் 16. இன்னொன்று, கொரோனாவுக்காகப் பள்ளி மூடிய 2020 மார்ச் 17. புயலுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் பதில் தெரியும்.

அந்தப் புயல் அட்டையில்தான் நல்ல சண்டை வந்தது. ஒரு பெண் வெள்ளை அட்டையில் ‘தென்னமரம் எங்க வீட்டு மேல விழுந்தது’ என்று எழுதி வந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவன் விடவில்லை.

“அப்ப உனக்கு நாலு வயசுகூட ஆகல. மஞ்சள்லதான் எழுதணும்.”

“எனக்கு ஞாபகம் இருக்கு. ஓடு உடைஞ்சு கெடந்துச்சு, எங்க மாமா மரத்து மேல ஏறி நின்னாரு.”

“அது போட்டோல பாத்துருப்ப.”

வீட்டில் அப்படி ஒரு போட்டோ இருப்பது உண்மைதான். அவளுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சத்தம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். சத்தம் இல்லை, இருட்டில் யாரோ தூக்கிக்கொண்டு ஓடியது மட்டும் இருக்கிறது என்றாள். கடைசியில் இரண்டு அட்டை மாட்டினாள். ‘இருட்டில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்’ வெள்ளையில், மரமும் மாமாவும் மஞ்சளில், நீலப் பொட்டோடு. சான்று என்பதைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருக்கும் பத்தியை அதன் பிறகு வாசித்தபோது நான் எதையும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு விஷயம் எச்சரிக்கையாகச் செய்ய வேண்டும். எல்லா வீட்டிலும் சந்தோஷமான அட்டைகள் இருக்காது. அப்பா இறந்தது, அம்மா பிரிந்து போனது என்று எழுத நினைக்கும் பிள்ளை இருக்கும், எழுத விரும்பாத பிள்ளையும் இருக்கும். அட்டையை மடித்து மாட்டலாம், மடித்ததை யாரும் திறக்கக் கூடாது, யாரும் கேட்கவும் கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். சிலர் மடித்து மாட்டினார்கள், அதோடு விட்டுவிட்டோம். இன்னொன்று இட நெருக்கடி. பிறந்தநாள் அட்டை இருபத்தெட்டும் ஏறக்குறைய ஒரே வருஷத்துக்குள், 60 செ.மீ. கயிற்றுக்குள் வந்து நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் இடம் போதாது. ஒரு அட்டையின் அடியில் கிளிப் போட்டு அடுத்ததைக் கீழே தொங்கவிட வேண்டும். மாத வாரியாகச் சரம் சரமாக இறங்கும்.

மாட்டி முடித்ததும் கயிற்றை மறுபடி தூண்களில் கட்டிவிட்டு எல்லாரையும் எதிரே உட்கார வைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். எங்கே காலியாக இருக்கிறது?

இரண்டு இடத்தைக் காட்டினார்கள். ஒன்று, பிறந்ததிலிருந்து மூன்று வயது வரை. அங்கே இருப்பதெல்லாம் மஞ்சள். இன்னொன்று, 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர் 1-ஆம் தேதி தொடக்க, நடுநிலை வகுப்புகள் திறந்தது வரை. இந்தப் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பை வீட்டிலேயே முடித்தவர்கள். பத்தொன்பதரை மாதம், கயிற்றில் 97 செ.மீ.க்கு மேல். கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய அளவுக்குத்தான் அட்டை இருந்தது. அப்போது ஒன்றுமே நடக்கவில்லையா என்று கேட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு வேலை போனது, தாத்தா செத்துப்போனது, ஒரே செல்போனை அண்ணனும் தானும் பிடுங்கிக்கொண்டது. நடந்தது நிறைய, எழுத ஆள் இல்லை, தேதி சொல்லப் பள்ளிக்கூடம் இல்லை. ‘காலியா இருந்தா ஒண்ணும் நடக்கலைன்னு இல்ல சார், எழுதலன்னு அர்த்தம்’ என்றான் ஒருவன். அதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, அழிக்கக் கூடாது என்று பெட்டி போட்டுவிட்டேன். இரண்டாவது கயிற்றுக்கு அது தேவைப்படும்.

இனி வரலாறு. எங்கள் ஊரில் ஒரு பழைய தேதி வேண்டுமென்றால் தஞ்சாவூர்ப் பெரிய கோயில்தான், 1010. இதே கயிற்றை இதே அளவில் ராஜராஜன் வரை நீட்டினால் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடச் சொன்னேன். 2025-லிருந்து 1010 போனால் 1015 வருஷம், தடவை 60, 60,900 செ.மீ., 609 மீட்டர். பள்ளி வாசலிலிருந்து எங்கே வரும் என்று ஆளுக்கு ஒரு இடம் சொன்னார்கள். ரேஷன் கடையைத் தாண்டி என்று முடிவானது. சிந்துவெளி நகரங்கள் தழைத்த பொ.ஆ.மு. 2600-க்கு இரண்டே முக்கால் கிலோமீட்டர். அவ்வளவு கயிறு வாங்க முடியாது என்ற இடத்தில்தான் அளவைச் சுருக்க வேண்டும் என்ற யோசனை அவர்களிடமிருந்தே வந்தது.

புதிய அளவு: ஒரு வருஷம் ஒரு செ.மீ. இந்த மாற்றத்தைக் கரும்பலகையில் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிப் பிள்ளைகள் அங்கேயே தொலைந்துவிடுவார்கள். புதிய கயிற்றைப் பார்த்துவிட்டு ‘நான் இங்கேருந்து இங்க வரைக்கும்’ என்று இரண்டு கையையும் அகல விரிப்பார்கள். அதனால் ஆளுக்கு ஒரு துண்டு உல்லன் வெட்டிக் கொடுத்தேன். பதினொரு வயசு என்றால் 11 செ.மீ. ஆறரை மீட்டருக்கு மேல் நீண்டிருந்த அதே வாழ்க்கை உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. பள்ளி மூடிக் கிடந்த 97 செ.மீ. இப்போது ஒன்றரை செ.மீ.தான். துணிக் கிளிப்பின் அகலமே ஒரு செ.மீ. இருக்கும், அதைவிடக் கொஞ்சம் அதிகம். தூக்கிப் பார்த்துவிட்டு ‘அவ்ளோதானா?’ என்றார்கள்.

அடுத்து வீட்டில் இருக்கிற மூத்தவருக்கு ஒரு உல்லன். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை நடந்தது. பல அப்பாயிகளுக்குப் பிறந்த வருஷம் தெரியாது. ஆதாரில் இருப்பது யாரோ குத்துமதிப்பாகப் போட்ட வருஷம். ஒரு பையன் தன் அப்பாயியிடம் கேட்டு வந்தான். ‘தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்ப பெரிய மனுஷி ஆகல, ஆனா தம்பிய இடுப்புல தூக்கிட்டுத் திரிவேன்னு சொன்னுச்சு சார்.’ தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர். இடுப்பில் தம்பியைத் தூக்கக்கூடிய, ஆனால் வயதுக்கு வராத பெண் என்றால் பத்திலிருந்து பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளலாம் என்று வகுப்பே பேசி முடிவு செய்தது. அப்படியானால் பிறந்தது 1952-க்கும் 1954-க்கும் இடையில். ஒரே இடத்தில் கிளிப் போட முடியாது. அதனால் இரண்டு கிளிப் போட்டு இடையில் சிவப்பு நூல் கட்டினோம். சரியாகத் தெரியாத தேதிக்கு இனி இதுதான் முறை என்று வைத்துக்கொண்டோம். கல்லணைக்கு ஒருநாள் தேதி வைக்க வேண்டி வரும்போது அந்தச் சிவப்பு நூல் எவ்வளவு நீளம் போக வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள்.

அந்த அப்பாயிக்கு நடுவாக 72 செ.மீ. உல்லன் வெட்டினோம். 1010-லிருந்து இன்று வரை 1015 செ.மீ. 72 செ.மீ. துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் வைத்துக்கொண்டே போனார்கள். பதினாலு துண்டு வைத்ததும் 1008 செ.மீ. வந்துவிட்டது. ஒரு அப்பாயி கண்ணை மூடுகிற அன்று அடுத்த அப்பாயி பிறந்தால், பதினாலே பேரில் ராஜராஜன் காலத்துக்குப் போய்விடலாம். நூறு பேராவது வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தார்கள். ஆயிரம் வருஷம் என்ற எண் செய்யாத வேலையை இந்தப் பதினாலு துண்டு உல்லன் செய்தது.

இரண்டாவது கயிறு 1000-இல் தொடங்கி 2025-இல் முடிகிறது, பத்தேகால் மீட்டர். நூறு வருஷத்துக்கு ஒரு பிள்ளை என்று 1000 முதல் 2000 வரை பதினொரு பேர் மீட்டர் இடைவெளியில் பிடித்து நின்றார்கள். இப்படி நிற்க வைத்தால் நூற்றாண்டுக் குழப்பம் தானாகத் தீரும். 1010 எந்த நூற்றாண்டு என்றால் பத்தாம் நூற்றாண்டு என்பார்கள். நூற்றாண்டு என்பது ஒரு பிள்ளை இல்லை, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கிற இடம். ‘உனக்கு என்ன வயசு’ என்று ஊரில் கேட்டால் ‘பத்து முடிஞ்சு பதினொண்ணு நடக்குது’ என்போம் அல்லவா, அதேபோல 1010-இல் பத்து நூறு முடிந்து பதினோராவது நூறு நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

நிகழ்வுகளை நானே பொறுக்கினேன், பெரும்பாலும் தஞ்சாவூரைச் சுற்றியவை. பெரிய கோயில் 1010. சோழர் ஆட்சி முடிந்த 1279. ரகுநாத நாயக்கர் ஒப்பந்தத்தின்படி டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடிக்கு வந்த 1620. இங்கே மராத்தியர் ஆட்சி தொடங்கிய 1676 வாக்கு. இரண்டாம் சிவாஜிக்குப் பின் தஞ்சையை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட 1855. மேட்டூர் அணை 1934. 1947. மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆன 1969. நாகப்பட்டினத்தைத் தாக்கிய 1977 புயல். சத்துணவு 1982. சுனாமி 2004. கடைசியில் ஒவ்வொருவரும் தன் 11 செ.மீ. உல்லனை வலது முனையில் தொங்கவிட்டார்கள்.

நிறத்தைச் சொன்னதும் அமைதியாகிவிட்டார்கள். அட்டைகளுக்கு அதே விதி, ஞாபகம் இருந்தால் வெள்ளை. ஒருவருக்கும் வெள்ளை எடுக்க வழியில்லை. 1977 புயலுக்கும் தமிழ்நாடு பெயருக்கும் அப்பாயிமார் சொன்னார்கள் என்று மஞ்சள் மாட்டினார்கள். அதற்கும் இடது பக்கம் போனால் சொல்ல யாருமே இல்லை, நீலப் பொட்டு மட்டும்தான். 1010-க்கு நீலப் பொட்டு வைக்கலாமா என்று ஒரு பெண் கேட்டாள். வைக்கலாம். பெரிய கோயில் சுவரிலேயே, தானும் தன் அக்காளும் தேவிமாரும் மற்றவர்களும் கொடுத்ததைக் கல்லில் வெட்டச் சொல்லி ராஜராஜன் ஆணையிட்ட கல்வெட்டு இருக்கிறது. தடுப்பூசி அட்டை மாதிரி அது எழுதிவைத்த சான்று என்று அவளே சேர்த்துக்கொண்டாள்.

வலது பக்கக் கடைசி ஒரு மீட்டரில் கிளிப்புகள் முட்டிக்கொண்டு நிற்க, 1279-க்கும் 1620-க்கும் இடையில் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் வெறும் கயிறு தொங்கியது. கரும்பலகைப் பெட்டியைக் கையால் காட்டினேன். உடனே விஜயநகரம், மதுரை சுல்தான்கள் என்று எதுவும் சொல்லிவிடவில்லை. அங்கே யாரெல்லாம் இருந்திருப்பார்கள், எழுதியது எங்கே கிடைக்கும் என்று கேள்வி அட்டைகளை மட்டும் மாட்டச் சொன்னேன். காலி இடத்தை ஆசிரியரே அட்டை போட்டு நிரப்பிவிட்டால் அந்தக் கேள்விகள் பிறக்காது.

பொ.ஆ.மு.வுக்குப் போகும்போது தொங்கும் கயிறு போதாது. கீழடியின் பழைய அடுக்குகளுக்குச் சொல்லப்படும் பொ.ஆ.மு. ஆறாம் நூற்றாண்டுக்கு 26 மீட்டர், சிந்துவெளிக்கு 46 மீட்டர் வேண்டும். மைதானத்தில் சணல் கயிற்றை விட்டு, கோலமாவால் குறித்தோம். 20 மீட்டர் 25 செ.மீ. இடத்தில் பொது ஆண்டு தொடங்குகிறது. அதைத் தாண்டியதும் எண் ஏன் ஏறுகிறது என்பதுதான் ஒவ்வொரு வருஷமும் குழப்பம். இதற்காகத்தான் முதல் கயிற்றை 2010-இல் தொடங்கி, பிறப்பதற்கு முந்தைய அட்டை ஒன்றையும் கட்டாயமாக்கியது. அண்ணன் எனக்கு முன்னாடி மூணு வருஷம், அம்மா கல்யாணம் எனக்கு முன்னாடி நாலு வருஷம். தூரம் போகப் போக எண் ஏறும் என்பதை அங்கேயே விரலால் எண்ணியிருக்கிறார்கள். இங்கே ‘எனக்கு முன்’ என்பதற்குப் பதில் ‘பொது ஆண்டுக்கு முன்’, அவ்வளவே. பூஜ்ஜியம் என்று ஒரு வருஷம் கிடையாது என்பதை இந்த வகுப்பில் நான் எடுக்கவில்லை. இந்த அளவில் அது ஒரு செ.மீ. வித்தியாசம், கோலமாவுக் கோட்டின் அகலத்துக்குள் போய்விடும்.

பழைய கற்காலத்தைக் கயிற்றில் காட்ட முயல வேண்டாம். அத்திரம்பாக்கம் கற்கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம். ஒரு செ.மீ. கணக்கில் அது 15 கிலோமீட்டர். பெரிய கோயிலிலிருந்து திருவையாற்றுக்கே நடந்தாலும் போதாது. வாயால் சொன்னால் போதும்.

முழு வேலைக்கும் சேர்ந்தாற்போல் இரண்டு பாடவேளையாக மூன்று தடவை ஒதுக்க வேண்டும். ஒரே பாடவேளையில் மாட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும், காலி இடத்தைப் பேசவே நேரம் இருக்காது. கயிற்றை மடித்து வைத்தால் உல்லன் குறி நகரும். அட்டைப்பெட்டித் துண்டில் சுற்றி வைக்கலாம். கிளிப்பின் கம்பி மழைக்காலத்தில் துருப்பிடித்து அட்டையில் கறையாகும், அதனால் கழற்றித் தனியாக டப்பாவில் போட்டுவிட வேண்டும். பிள்ளைகளின் உல்லன் துண்டுகளைப் பெயர் எழுதிய உறையில் வைத்திருக்கிறேன். ஏழாம் வகுப்பில் பிற்காலச் சோழர், டெல்லி சுல்தானியம், விஜயநகரம் என்று வருவதெல்லாம் இந்த இரண்டாவது கயிற்றில் இப்போது கேள்வி அட்டைகள் தொங்குகிற இடத்திலும் அதன் பக்கத்திலும்தான். ஆளுக்கு ஒரு செ.மீ. உல்லன் மட்டும் கூட்டிக் கட்ட வேண்டும்.